மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மெயில், டிசைனருக்கு ஒரு மெயில்

“ஒரு சின்ன வேலை இருக்கு. ஃபைல் இணைச்சிருக்கேன். எவ்வளவு ஆகும், எப்போ தருவீங்க?” மொழிபெயர்ப்பு கேட்டு எனக்கு வரும் மெயில்களில் பெரும்பாலானவை இந்த அளவோடு முடிந்துவிடும். கூடவே ஒரு வேர்டு ஃபைல். யார் படிக்கப் போகிறார்கள், எங்கே அச்சாகப் போகிறது, படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இப்படி ஒரு மெயில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் தொடங்கி, எதையும் விடாமல், வரிசையாகத் தமிழாக்கிக் கொடுத்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. கொடுத்த தகவலுக்கு அதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்தத் தமிழ் டிசைனரிடம் போய்ப் பக்கத்தில் அடங்காமல் நிற்கும்போது எல்லோருக்கும் எரிச்சல் வரும். “சுருக்கித் தர முடியுமா?” என்று மறுபடி ஒரு மெயில் போகும். அதற்குள் நாள் நெருங்கியிருக்கும்.

நான் இந்த வேலையை இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறவன். மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறேன், சில சிறிய தொண்டு அமைப்புகளுக்காக மற்ற மொழிபெயர்ப்பாளர்களிடமும் டிசைனர்களிடமும் வேலை வாங்கியும் கொடுக்கிறேன். நோக்கம், வாசகர், வடிவம், நீளம், கெடு என்ற ஐந்தையும் மெயிலில் எழுதச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். படிவம் நிரப்புகிற மாதிரி ஐந்து பெட்டியில் எழுதினால் பெரிய பயன் இல்லை. ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்க வேண்டும். நோக்கத்திலிருந்து வாசகர், வாசகரிடமிருந்து வடிவம், வடிவத்திலிருந்து நீளம், இவை எல்லாவற்றிலிருந்தும் கெடு. ஒரு வேலையை எடுத்து முழுக்கச் சொன்னால்தான் இது புரியும்.

2024 நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். ஒரு தாலுகா மருத்துவமனையில் நடந்த முகாமுக்கு, சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு துண்டறிக்கை தேவைப்பட்டது. 2,000 படிகள். ஏ4 தாளை மூன்றாக மடித்தது. மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார், 620 சொற்கள். நல்ல எழுத்து. பாதம் ஏன் பாதிக்கப்படுகிறது என்று 200 சொல், தினமும் என்ன செய்ய வேண்டும் என்று 250, எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று மிச்சம்.

மெயில் எழுதுவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “இதைப் படித்துவிட்டு அவங்க என்ன செய்யணும் டாக்டர்?” “விழிப்புணர்வு” என்றார் முதலில். அந்தச் சொல்லோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. மறுபடி கேட்டேன். அப்போது சொன்னார்: “நரம்பு மரத்துப்போனவங்களுக்குப் புண்ணு வந்தாலும் வலிக்காது. வலிக்கலைன்னு வீட்டிலேயே இருந்துடறாங்க. விரலை எடுக்கிற நிலைமையில் வர்றாங்க. தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கணும், ஏதாவது இருந்தா மறுநாளே வரணும். அவ்வளவுதான்.”

இதுதான் நோக்கம். இந்த இரண்டு வாக்கியம் கிடைத்த பிறகு 620 சொல்லில் எது முக்கியம், எது போனாலும் பரவாயில்லை என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. ஏன் பாதிக்கப்படுகிறது என்ற 200 சொல் பகுதி மருத்துவருக்குப் பிடித்த பகுதி. நோக்கத்துக்கு அதில் இரண்டு வாக்கியம் போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த மொழிபெயர்ப்பியல் அறிஞர் ஹான்ஸ் ஃபெர்மீர் 1978-லேயே, மொழிபெயர்ப்பு எதற்காகச் செய்யப்படுகிறதோ அந்த நோக்கமே அது எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார். அதே வழியில் வந்த கிறிஸ்டியானே நோர்ட், வேலை கொடுப்பவர் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்ல வேண்டியவை எவை என்று பட்டியலே போட்டார். நோக்கமும் வாசகரும் அதிலும் உண்டு. எதற்கு, யாருக்கு, எந்த ஊடகத்தில், எப்போது, எங்கே.

அடுத்து வாசகர். “பொதுமக்கள்” என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். முகாமுக்கு வருகிறவர்கள் யார் என்று அந்த மருத்துவமனை செவிலியர் ஒருவரிடம் கேட்டதில் கிடைத்தவை: பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், பெண்கள் அதிகம், வயல் வேலைக்குப் போகிறவர்கள், ஐந்தாவது எட்டாவது வரை படித்தவர்கள். கண்ணாடி இருக்கும், கையில் இருக்காது. நிறைய பேருக்கு வீட்டில் பேரனோ பேத்தியோதான் படித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசித் தகவல் எனக்குப் பெரிதாகப் பட்டது. வாய்விட்டுப் படிக்கும்போது புரிய வேண்டும் என்றால் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் விளக்கம் வைக்கக் கூடாது. டிசைனருக்கும் இதே தகவல் வேறு விதமாகப் பயன்படுகிறது. எழுத்தின் அளவு 12 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது.

இப்போது நீளத்தைக் கணக்குப் போடலாம். மெயில் எழுதுகிறவர்கள் அதிகம் விட்டுவிடும் இடம் இது. மூலத்தில் எத்தனை சொல் என்று எல்லோரும் சொல்கிறோம். தமிழில் எத்தனை சொல்லுக்கு இடம் இருக்கிறது என்று சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

மூன்றாக மடித்தால் ஆறு பக்கம். முகப்பு ஒன்று, பின்னால் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒன்று. மிச்சம் நான்கு. ஒரு பக்கத்தின் அகலம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர், உயரம் 210. ஓரங்களை விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 84-க்கு 190. 12 புள்ளி எழுத்தும், மெய்யெழுத்துப் புள்ளியும் உகரக் கொக்கியும் ஒன்றோடொன்று மோதாத அளவுக்கு 17 புள்ளி வரி இடைவெளியும் வைத்தால் 31 வரி வரும். தலைப்புக்கும் ஒரு படத்துக்கும் இடம் விட்டால் 18 அல்லது 19 வரி. தமிழில் இந்த அகலத்துக்கு ஒரு வரியில் நான்கு சொல் பிடிக்கும். ஆக ஒரு பக்கத்துக்கு 75 சொல், நான்கு பக்கத்துக்கு 300.

620 ஆங்கிலச் சொல்லை வரிக்கு வரி தமிழாக்கினால் ஏறக்குறைய 450 சொல் வரும். ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்பவை தமிழில் உருபாக ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம். அந்த 450-ஐ வைத்தால் படங்கள் போக வேண்டும், இல்லையென்றால் எழுத்து 10 புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டுமே நோக்கத்தைக் கெடுக்கும். எனவே இது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல, சுருக்கி எழுதும் வேலை. அதை மெயிலிலேயே சொல்லிவிட வேண்டும். கூலியும் அதற்கு ஏற்ப மாறும். சுருக்குவது முழுதாக மொழிபெயர்ப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். வந்த சொல்லை எண்ணிக் காசு கொடுத்தால் அதிகம் உழைத்தவருக்குக் குறைவாகப் போய்ச் சேரும். மொத்த வேலைக்கு ஒரு தொகை என்று பேசிக்கொள்வதே நியாயம்.

நான் அனுப்பிய மெயில் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

பொருள்: பாதப் பராமரிப்புத் துண்டறிக்கை, தமிழாக்கம், அக்டோபர் 16 புதன் மாலை 5 மணி

“வணக்கம் மேடம்.

நவம்பர் 14 முகாமில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு துண்டறிக்கை. மருத்துவர் எழுதிய ஆங்கில மூலம் இணைப்பில் உள்ளது, 620 சொற்கள்.

இதைப் படித்தவர் தினமும் இரவு தன் பாதத்தைப் பார்க்க வேண்டும். புண், நிறமாற்றம், வீக்கம் ஏதாவது இருந்தால் வலி இல்லாவிட்டாலும் மறுநாளே மருத்துவமனைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும்.

படிப்பவர்கள் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களும் ஆண்களும். எட்டாவது வரை படித்தவர்கள். பலருக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். நேரில் பேசுவதுபோல ‘நீங்கள், பாருங்கள், வாருங்கள்’ என்று இருக்கட்டும். நோயை அவர்கள் ‘சர்க்கரை’ என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

ஏ4 தாள் மூன்றாக மடித்தது. உள்ளடக்கம் நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பும் அதிகபட்சம் 75 தமிழ்ச் சொற்களும். மொத்தம் 300-ஐத் தாண்டினால் படத்தை எடுக்க வேண்டிவரும்.

எனவே சுருக்க வேண்டும். ‘ஏன் பாதிக்கப்படுகிறது’ பகுதியை இரண்டு வாக்கியமாக்கலாம். ‘எப்போது வர வேண்டும்’ பகுதியில் எதையும் விட வேண்டாம். மற்றதில் எது போகலாம் என்பதை நீங்கள் முடிவு செய்து, விட்டவற்றை மெயிலில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். மருத்துவர் பார்த்து ஒப்புதல் தருவார்.

யூனிகோடில், வேர்டு ஃபைலாக. டிசைன் முடிந்த பிறகு நவம்பர் 6 புதன்கிழமை பி.டி.எஃப். அனுப்புவேன், ஒருமுறை மெய்ப்புப் பார்த்துத் தர வேண்டும். நாம் பேசிய தொகையில் அதுவும் சேர்த்தி.

சந்தேகம் இருந்தால் அக்டோபர் 14 திங்களுக்குள் கேளுங்கள். மருத்துவரிடம் அன்று மாலை கேட்டுச் சொல்லிவிடுகிறேன்.”

அவ்வளவுதான், அலைபேசித் திரையில் இரண்டு மூன்று தடவை தள்ளினால் முடிந்துவிடும். இதில் மொழிநடை பற்றி “எளிமையாக, இயல்பாக” என்று எங்கும் எழுதவில்லை. எந்த மொழிபெயர்ப்பாளரும் கடினமாக எழுத வேண்டும் என்று உட்காருவதில்லை. படிப்பவர் யார் என்று சொல்லிவிட்டால் எளிமை எந்த அளவு வேண்டும் என்பது அவருக்கே தெரியும்.

கேள்வி கேட்க ஒரு நாளைக் குறித்து வைத்தது வீண்போகவில்லை. திங்கள் காலை அவரிடமிருந்து இரண்டு கேள்வி வந்தது. மூலத்தில் 37 டிகிரிக்குக் குறைவான வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறது; வீட்டில் யாரிடம் வெப்பமானி இருக்கும், முழங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாமா? இரண்டாவது, ஒருபோதும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள் என்று இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? மருத்துவர் முதல் கேள்விக்கு உடனே சரி என்றார். பாதம் மரத்தவர்கள் காலை வைத்துச் சூடு பார்க்கக் கூடாது என்பதால் முழங்கைதான் சரி என்றார். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்து, வெயில் ஏறிய பிறகு கல்தரையில் நடக்க வேண்டாம், விடியற்காலையிலோ சாயங்காலமோ போகட்டும், சாக்ஸ் போடலாம் என்றால் போட்டுக்கொள்ளட்டும் என்றார். மூலத்தைவிடத் தமிழ் நன்றாக வந்த இடம் அது. பகல் வெயிலில் பிராகாரத்தைச் சுற்றி, சூடு தெரியாமல் பாதம் கொப்பளித்துப்போய் வருகிறவர்களை மருத்துவரே பார்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வாசகரைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியும் வந்திருக்காது.

டிசைனருக்கு எழுதுகிற மெயிலில் நோக்கமும் வாசகரும் அதேதான், வார்த்தை மாறாமல் ஒட்டலாம். மற்றவை வேறு. முதலில் சொல்ல வேண்டியது, இணைப்பில் இருக்கும் தமிழ் ஒப்புதல் பெற்ற இறுதி வடிவமா இல்லையா என்பது. இறுதியாகாத எழுத்தை வைத்து டிசைன் தொடங்கச் சொல்வது அவருடைய உழைப்பை இரண்டு தடவை வாங்குவது. நான் அந்த ஃபைலுக்கு `paadham_final_18oct.docx` என்று தேதியோடு பெயர் வைத்து, இதற்குப் பிறகு எழுத்தில் மாற்றம் வந்தால் அது தனி வேலை என்று எழுதிவிட்டேன்.

அளவை “ட்ரைஃபோல்டு” என்று மட்டும் சொல்லாமல் எண்ணில் சொல்ல வேண்டும். விரித்தால் 297-க்கு 210 மில்லிமீட்டர், சுற்றிலும் வெட்டுக்காகக் கூடுதலாக விடும் 3 மில்லிமீட்டர் ப்ளீட். மூன்று மடிப்புப் பக்கமும் சமமாக 99 வைத்தால், உள்ளே மடியும் பக்கம் முட்டிக்கொண்டு தாள் உப்பும். அதனால் உள்ளே போவது 97, மற்ற இரண்டும் 100. அனுபவமுள்ள டிசைனருக்கு இது தெரியும். புதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எழுதிவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எந்த அச்சகம், எந்தத் தாள் என்பதையும் சொன்னேன். பளபளப்பில்லாத மேட் தாள் கேட்டது வாசகரை நினைத்துத்தான். வயதானவர்களுக்கு வெளிச்சம் பட்டு மின்னும் தாளில் படிப்பது சிரமம்.

படம் பற்றி ஒரு பத்தியே எழுதினேன். மருத்துவர் முகப்பில் அழுகிய புண்ணின் படம் வேண்டும் என்றார். பயப்படட்டும் என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்ட தாளை வீட்டில் சுவரில் ஒட்டிவைக்க மாட்டார்கள், மடித்து எங்காவது சொருகிவிடுவார்கள் என்று பேசி அதை மாற்றினோம். டிசைனருக்கு எழுதியது: “ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன் உள்ளங்காலைப் பார்க்கிற கோட்டோவியம். வெளிநாட்டு ஸ்டாக் படங்கள் வேண்டாம். செருப்பு வருகிற இடத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான மென்மையான ரப்பர் செருப்பு, அதாவது எம்.சி.ஆர். செருப்பு, பின்வார் வைத்தது. புகைப்படம் இணைப்பில்.” அந்தப் புகைப்படத்தை மருத்துவமனையிலேயே எடுத்தேன். எழுத்தில் பத்து வரி விளக்குவதைவிட ஒரு மாதிரிப் படம் டிசைனருக்கு அதிகம் உதவும்.

தமிழ் எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விடவே கூடாது. நம் ஊர் அச்சகங்களிலும் டிசைன் கடைகளிலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நாம் அனுப்பும் யூனிகோடு எழுத்தை அதற்கு மாற்றும்போது மேற்கோள் குறி, எண், ஆங்கில எழுத்து எல்லாம் வேறு எழுத்தாக மாறிப்போக வாய்ப்புண்டு. யூனிகோடிலேயே செய்தாலும் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒரு அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். ‘கொ’ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளிவட்டம் எட்டிப்பார்க்கும். பத்தி அமைப்பில் `World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். தமிழ் தெரிந்த டிசைனர்கூட முப்பது வரியில் ஒரு கொம்பு நகர்ந்ததைக் கவனிக்காமல் விடலாம். அதனால்தான் மொழிபெயர்ப்பாளரை நவம்பர் 6 மெய்ப்புக்கு முன்கூட்டியே பேசிவைத்தது. டிசைன் ஆன பிறகு எழுத்தை யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை, தொலைபேசி எண் உட்பட, படித்தாக வேண்டும்.

திருத்தம் எத்தனை முறை என்பதையும் எழுத வேண்டும். நான் இரண்டு என்று எழுதினேன். எல்லோருடைய திருத்தமும் என் வழியாக, ஒரே பி.டி.எஃப்.-இல் குறிப்பாகப் போகும். மருத்துவர் வாட்ஸ்அப்பில் ஒன்று சொல்லி, இந்த வேலையைக் கொடுத்த அறக்கட்டளைக்காரர் போனில் அதற்கு எதிராக ஒன்று சொன்னால், பாவம் டிசைனர் யார் சொல்வதைக் கேட்பார்?

கெடுவை முகாம் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். 14 வியாழன் முகாம் என்றால் தாள் 12 செவ்வாய் கையில் இருக்க வேண்டும். அச்சடித்து மடிக்க நான்கு வேலைநாள் கேட்டார்கள். எனவே 7 வியாழன் காலை ஃபைல் அச்சகத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் மெய்ப்பு. டிசைனரின் திருத்திய வடிவம் 5 செவ்வாய். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. அதைச் சுற்றிய நான்கு நாளில் எதுவும் நடக்காது என்று வைத்துக்கொண்டேன். ஆகவே முதல் வடிவம் அக்டோபர் 28 திங்கள், திருத்தம் சொல்ல எனக்கு 29. மருத்துவரின் ஒப்புதல் 18 வெள்ளி, மொழிபெயர்ப்பு 16 புதன். மெயில் அனுப்பியது 9-ஆம் தேதி. 300 சொல் எழுத ஒரு வாரமா என்று அறக்கட்டளையில் கேட்டார்கள். எழுத ஒன்றரை நாள் போதும். ஆனால் அவர் நமக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல, அவருக்கு வேறு வேலைகள் இருக்கும். இடையில் ஆயுத பூஜையும் விஜயதசமியும் வந்தன.

இந்தத் தேதிகளை இருவருக்கும் முழுதாகக் காட்டினேன், அவரவர் கெடுவை மட்டும் அல்ல. தன் தாமதம் யார் தலையில் விழும் என்று தெரிந்தால், முடியாதபோது முன்கூட்டியே சொல்வார்கள். டிசைனர் அப்படித்தான் செய்தார். 28-க்கு எல்லாம் முடியாது, முகப்பு ஓவியம் பென்சில் கோடாகத்தான் இருக்கும், பரவாயில்லையா என்று 22-ஆம் தேதியே கேட்டார். பரவாயில்லை, மருத்துவர் பார்க்க வேண்டியது எழுத்தும் வரிசையும்தான். கெடுவை எழுதும்போது “வெள்ளிக்குள்” என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அது வெள்ளி காலை பத்து மணி, அவருக்கு வெள்ளி இரவு பன்னிரண்டு. தேதி, கிழமை, மணி மூன்றும் வேண்டும்.

கடைசியாக டிசைனரிடம் என்னென்ன வாங்க வேண்டும் என்பது. அச்சுக்கான பி.டி.எஃப்., வாட்ஸ்அப்பில் அனுப்ப நான்கு படங்கள், இவற்றோடு பின்னால் திருத்தக்கூடிய ஓபன் ஃபைலும் அதில் பயன்படுத்திய எழுத்துருவும் படங்களும் ஒரே ஃபோல்டரில். ஓபன் ஃபைல் தருவதற்குச் சிலர் தனியாகக் காசு கேட்பார்கள், அது அவர்கள் உரிமை. அதனால் தொகை பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும், வேலை முடிந்த பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.-இல் பல சமயம் எழுத்தை வடிவமாக மாற்றியிருப்பார்கள், அதில் ஒரு எண்ணைக்கூட எளிதில் திருத்த முடியாது. மறு அச்சுக்குப் போகும்போது மருத்துவமனையின் தொலைபேசி எண் மாறியிருந்தது. ஃபோல்டர் கையில் இருந்ததால் பின்பக்கத்தில் ஒரு வரியை மாற்றி அன்றைக்கே அச்சகத்துக்கு அனுப்ப முடிந்தது.